"வெள்ளிக்கிழமை நைட் 12 மணி பஸ்ல வந்துடுங்க": குடும்பக் குரூப்பில் வரும் பயணத் திட்டத்தைத் தெளிவாக்குவது எப்படி

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் வண்டி, ரூம், சாவி சமாச்சாரங்கள் எப்படியோ என் தலையில்தான் வந்து விழும். முதல் இரண்டு மூன்று தடவை நிறையச் சொதப்பினேன். பஸ்ஸும் வேனும் ஒழுங்காகத்தான் வந்தன. சொதப்பல் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியில்தான் தொடங்கியது. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்திருக்கும். இந்த வேலையை முதல் முறையாக ஏற்றுக்கொண்டவர்களுக்காக, ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதை எப்படிச் சரிசெய்வது என்று எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கல்யாணம் திருச்சியில், 14ஆம் தேதி ஞாயிறு காலை முகூர்த்தம். சென்னையிலிருந்து 14 பேர் போக வேண்டும். திருச்சியில் இருக்கும் சித்தப்பா குரூப்பில் இப்படிப் போட்டார்:

"எல்லாரும் வெள்ளிக்கிழமை நைட் 12 மணி பஸ்ல கிளம்பி வந்துடுங்க. காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி வரும். மாமா கூட வருவார். ரூம் சாவியை அவர்கிட்ட வாங்கிக்கலாம். அவங்களுக்கும் சொல்லியாச்சு. வரும்போது பூ வாங்கிட்டு வந்துடுங்க. நாங்க நேரா மண்டபத்துக்கு வந்துடறோம்."

ஐந்து நிமிஷத்தில் பதினோரு கட்டைவிரல். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதலில், செய்தியைக் கையால் எழுதுங்கள்

பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் செய்து பாருங்கள். ஒரு தாளில் செய்தியை அப்படியே எழுதி, நேரத்தைச் சொல்லும் சொற்களுக்கு அடிக்கோடு, இடத்துக்கு வட்டம், ஆளைக் குறிக்கும் சொற்களுக்குக் கட்டம் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வினைச்சொல்லின் மேலும் "யார்?" என்று எழுதுங்கள். போனில் படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும். கையால் எழுதும்போது தாண்ட முடியாது.

மேலே உள்ள செய்தியில் நேரம் இரண்டு, இடம் இரண்டு. "எல்லாரும்" என்பதையும் சேர்த்தால் ஆளைக் குறிக்கும் சொற்கள் ஐந்து. "யார்?" என்று கேட்க வேண்டிய வினைகள் ஏழெட்டு. இதில் சித்தப்பாவிடம் கேட்காமலே உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "மண்டபம்". பத்திரிகையில் முகவரி இருக்கிறது.

நைட் 12 மணி என்பது எந்தத் தேதி?

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் இதுதான். "வெள்ளிக்கிழமை நைட் 12 மணி" என்றால் நம் வீடுகளில் எல்லோரும் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதைத்தான் நினைப்பார்கள். பஞ்சாங்கக் கணக்கும் அதுதான். அதில் சூரிய உதயத்தில்தான் அடுத்த நாள் பிறக்கும். ஆனால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நள்ளிரவிலேயே தேதி மாறிவிடும். 12ஆம் தேதி வெள்ளி இரவு 12.15க்குக் கிளம்பும் பஸ்ஸுக்கு டிக்கெட்டில் 13ஆம் தேதி, 00:15 என்று இருக்கும்.

தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமைதானே என்று 12ஆம் தேதியைப் போட்டுத் தேடுவார்கள். அங்கேயும் 00:15 பஸ் ஒன்று இருக்கும். அது வியாழக்கிழமை இரவு போகிற பஸ். முந்தைய ஒரு கல்யாணத்துக்கு என் தம்பி முறை ஒருவன் இப்படித்தான் பதிவு செய்தான். வெள்ளி இரவு பெட்டியோடு போய் நின்றான். அவன் பஸ் ஒரு நாளைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. டிக்கெட் பணம் போனது போனதுதான்.

இதற்கு நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலேயே மருந்து இருக்கிறது: "வெள்ளி இரவு, விடிந்தால் சனி." இரவு 10 மணிக்கு மேல், காலை 5 மணிக்கு முன் வரும் எந்த நேரத்துக்கும் இந்த வடிவத்தையே பயன்படுத்துங்கள். "12 வெள்ளி இரவு 12.15 மணி, விடிந்தால் 13 சனி. டிக்கெட்டில் 13 என்றுதான் இருக்கும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் டிக்கெட்டைப் பார்த்த யாராவது ஒருவர் "தேதி தப்பா போட்டிருக்கே" என்று போன் செய்வார்.

இன்னொன்று. 12.15 என்பது பஸ்ஸின் நேரம், மனிதர்களின் நேரம் அல்ல. வந்து நிற்க வேண்டிய நேரத்தைத் தனியாக எழுத வேண்டும். ஒரே நேரத்தைப் போட்டால் பாதிப் பேர் அந்த நேரத்துக்குத்தான் வீட்டில் செருப்பு மாட்டுவார்கள்.

"காலைல" என்பதும் லேசுப்பட்டதல்ல. வேன்காரருக்கு 4 மணியும் காலைதான், சித்திக்கு 9 மணியும் காலைதான். வண்டி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிற்கும் என்று இரண்டு முனையும் வேண்டும். பஸ் தாமதமாகலாம் என்பதால் ஒற்றை நேரம் இங்கே உதவாது. அதே போல "நாளைக்கு" என்ற சொல்லையும் செய்தியில் வைக்கக் கூடாது. இரவு 11.50க்கு நீங்கள் போட்ட "நாளைக்கு", விடிந்து 6 மணிக்குப் படிப்பவருக்கு வேறு நாள்.

எந்த பஸ் ஸ்டாண்டு?

சென்னையில் "பஸ் ஸ்டாண்டு" என்றால் பழக்கத்தில் கோயம்பேடு. ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறிவிட்டன. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். ராத்திரி 11.30க்கு தப்பான இடத்தில் நிற்பவரை எந்த ஆட்டோவும் 12.15க்குள் காப்பாற்றாது.

திருச்சிப் பக்கமும் அதே கதைதான். அங்கே சென்ட்ரல், சத்திரம் என்று இரண்டு பேருந்து நிலையங்கள் காலகாலமாக உண்டு. 2025இல் பஞ்சப்பூரில் புதிய முனையமும் வந்துவிட்டது. சித்தப்பா மாதிரி உள்ளூர்க்காரர் "பஸ் ஸ்டாண்டு" என்று சொல்லும்போது அவர் மனதில் பழைய சென்ட்ரல் இருக்கலாம். பஸ்ஸோ நம்மைப் பஞ்சப்பூரில் இறக்கிவிடலாம். ஆகவே இடத்தை எழுதும்போது ஊர்ப்பெயர், நிலையத்தின் பெயர், அதற்குள் எந்த மூலை என்று மூன்று படி இறங்குங்கள். "பஞ்சப்பூர் முனையம், வெளியே ஆட்டோ நிற்கும் பக்கம்" என்றால் போதும். இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பெயரையும் எழுதுங்கள். வரைபடத்தைத் திறக்கத் தெரியாத பெரியம்மா ஒருவர் எல்லாக் குரூப்பிலும் இருப்பார்.

யார் அந்த மாமா?

நம் மொழியில் ஆள் ஒளிந்துகொள்ள இடம் நிறைய. உறவுப் பெயர் முதல் இடம். சித்தப்பா "மாமா" என்று எழுதினால் அது அவருடைய மாமாவா, அவர் பிள்ளைகளுக்கு மாமாவா, படிக்கிற எனக்கு மாமாவா? வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெரியவர்கள் குழந்தை வாயால்தான் உறவைச் சொல்வார்கள். எனக்கு மச்சினனாக இருப்பவர் செய்தியில் "மாமா" ஆகிவிடுவார்.

சரி, ஊரைச் சேர்த்து "கே.கே. நகர் மாமா" என்று எழுதலாம் என்று பார்த்தால், சென்னையிலும் கே.கே. நகர், திருச்சியிலும் கே.கே. நகர். எங்கள் குடும்பத்தில் இரண்டிலும் ஆள் உண்டு. எனவே பெயரும் உறவும் சேர்த்தே எழுதுங்கள்: "பாலு மாமா". பெரியவர்களைப் பெயர் சொல்லி எழுதலாமா என்று தயங்க வேண்டாம். உறவுச் சொல் பின்னால் இருக்கும்போது மரியாதை குறையாது.

"மாமா கூட வருவார்" என்பதில் "கூட" வேறு இருக்கிறது. மாமாவும் வருவாரா, மாமா வண்டியோடு வருவாரா? முதலாவது என்றால் அவர் நம்மோடு சென்னையிலிருந்து பயணிக்கிறார், ஒரு சீட்டு வேண்டும். இரண்டாவது என்றால் அவர் திருச்சியில் இருக்கிறார், சீட்டு வேண்டாம். ஒரு சொல்லில் ஒரு டிக்கெட் காசு தொங்குகிறது.

அடுத்து "அவங்க". ஒரு பெரியவரைக் குறித்தாலும் "அவங்க"தான், பத்துப் பேரைக் குறித்தாலும் "அவங்க"தான். "அவர்கிட்ட" என்பது முந்தைய வாக்கியத்து மாமாவாகவே இருக்கலாம், ஆனால் வண்டி ஓட்டி வருபவராகவும் இருக்கலாம். நீங்கள் எழுதும் திருத்தத்தில் "அவர், அவங்க, அது" மூன்றையும் எடுத்துவிட்டுப் பெயரையே திரும்பத் திரும்பப் போடுங்கள். படிக்க அழகாக இருக்காது. இது கட்டுரைப் போட்டி இல்லை.

"நாங்க", "நாம" விஷயத்தில் மட்டும் தமிழ் நமக்கு உதவுகிறது. "நாங்க வந்துடறோம்" என்றால் படிக்கிறவர் அதில் இல்லை. "நாம போயிடலாம்" என்றால் உண்டு. சித்தப்பா "நாங்க" என்று எழுதியிருப்பதால் அவர் வீட்டார் வேனில் ஏற மாட்டார்கள் என்று ஊகிக்கலாம். வேனில் எத்தனை இருக்கை வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல தடயம். ஆனால் தடயம்தான், சாட்சி இல்லை. அவசரத்தில் தட்டும்போது இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு.

வேலையில் ஆள் இல்லாத வாக்கியங்கள்

என் அனுபவத்தில் உண்மையான சண்டை வருவது இங்கேதான். "பூ வாங்கிட்டு வந்துடுங்க." யார்? "வந்துடுங்க" என்பது ஒருவருக்கு மரியாதையாகவும் இருக்கலாம், எல்லோருக்கும் பொதுவாகவும் இருக்கலாம். இப்படி ஒரு செய்தியை நம்பி ஒரு தடவை மூன்று வீட்டார் பூ வாங்கிவந்தார்கள். அடுத்த கல்யாணத்தில் எல்லோரும் மற்றவர் வாங்குவார் என்று இருந்துவிட்டார்கள், பூவே இல்லை.

"வாங்கிக்கலாம்", "போயிடலாம்" என்று "-லாம்" போட்டு முடிகிற வாக்கியம் எதுவாக இருந்தாலும் அங்கே வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "சொல்லியாச்சு", "புக் பண்ணியாச்சு" என்று "-ஆச்சு" வந்தால் வேலை முடிந்திருக்கிறது, ஆனால் முடித்தவர் யார் என்று தெரியாது. பின்னால் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? "வண்டி வரும்" என்பதும் அந்த ஜாதிதான். வண்டி தானாக வராது. ஒருவர் பேசியிருக்க வேண்டும், ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் காசு கொடுக்க வேண்டும்.

திருத்தும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் போடுங்கள். "குமாரும் ராதாவும்" என்று போட்டால் மறுபடியும் பழைய கதைதான். இருவர் சேர்ந்து செய்யும் வேலையாக இருந்தாலும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்கட்டும். பூ போன்ற பொருள் என்றால் அளவும் வேண்டும்: உதிரியா, சரமா, மாலையா, எத்தனை முழம், எத்தனை மணிக்குள், எங்கே.

கேட்பது எப்படி

இப்போது கையில் கேள்விகள் சேர்ந்துவிட்டன. அத்தனையும் குரூப்பில் கொட்டாதீர்கள். "சித்தப்பா, ஒண்ணும் புரியலை, தெளிவா போடுங்க" என்று எழுதினால் அவருக்கு முகம் சுருங்கும், பதிலும் தெளிவாக வராது. அவர் கல்யாண வீட்டு வேலையில் இருக்கிறார். போன் செய்யுங்கள், அல்லது தனியாக எழுதுங்கள். திறந்த கேள்வியாக இல்லாமல், நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி ஆமா, இல்லை என்று பதில் வாங்குகிற மாதிரி கேளுங்கள். நான் அனுப்பியது இது:

"சித்தப்பா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி மூணே விஷயம் கேட்டுக்கறேன். 1. வெள்ளி ராத்திரி, விடிஞ்சா சனி, அந்த பஸ்தானே? 2. வேன் பஞ்சப்பூருக்கா, சென்ட்ரலுக்கா? 3. வேன்ல வர்றது பாலு மாமாவா? சாவி அவர்கிட்டதானே? பூவை நாங்க சென்னைல வாங்கணுமா, அங்கேயே கிடைக்குமா?"

மூன்று என்று சொல்லி நாலைந்து கேட்டிருக்கிறேன், அது வழக்கம்தான். ஆனால் அதற்கு மேல் போனால் நடுவில் உள்ளவற்றுக்குப் பதில் வராது. "பஞ்சப்பூருக்கா, சென்ட்ரலுக்கா?" என்ற கேள்விக்கு யாராவது "ஆமா" என்று பதில் போட்டால், மறுபடி கேட்கக் கூச்சப்படாதீர்கள். அது அடிக்கடி நடக்கும்.

"அவங்களுக்கும் சொல்லியாச்சு" என்பதை மட்டும் நான் எழுத்தில் கேட்கவில்லை. போனில் கேட்டேன். பேச்சுவார்த்தை இல்லாத ஒரு வீட்டாரைத்தான் சித்தப்பா பெயர் சொல்லாமல் குறிப்பிட்டிருந்தார். குரூப்பில் இருக்கும் சிலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. வேண்டுமென்றே மங்கலாக விட்ட இடம் அது. அந்த மாதிரி இடங்களைத் தெளிவாக்கக் கூடாது. வேனுக்கு இரண்டு இருக்கை கூடுதலாக வேண்டுமா என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

திருத்திய செய்தி

பதில்கள் வந்ததும் எழுதிய வடிவத்தை முதலில் சித்தப்பாவுக்குத் தனியாக அனுப்பி, "இப்படிப் போடட்டுமா?" என்று கேட்டேன். ஒரு திருத்தம் சொன்னார்: சாவி மொத்தம் ஐந்து, ஒருவரே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அப்புறம் குரூப்பில் போட்டது:

"திருச்சிப் பயணம். சித்தப்பாவிடம் கேட்டு எழுதியது.

பஸ்: 12 வெள்ளி இரவு 12.15 மணி, விடிந்தால் 13 சனி. டிக்கெட்டில் 13 என்று இருக்கும், அது சரிதான். இடம் கிளாம்பாக்கம் முனையம் (கோயம்பேடு இல்லை). எல்லோரும் இரவு 11.30க்கே அங்கே இருக்க வேண்டும். 14 டிக்கெட்டும் குமாரிடம்.

வேன்: சனி காலை 5.30 முதல் 7.30 வரை பஞ்சப்பூர் முனையத்துக்கு வெளியே, ஆட்டோ நிற்கும் பக்கம். பஸ் தாமதமானால் டிரைவருக்குச் சொல்வது குமார்.

ரூம் சாவி: பாலு மாமா வேனில் கொண்டுவருவார். மாமா திருச்சியிலேயே இருக்கிறார், அவருக்கு டிக்கெட் இல்லை. ஐந்து சாவியையும் வாங்கிப் பிரித்துக் கொடுப்பது ராதா அத்தை.

பூ: சென்னையிலிருந்து யாரும் வாங்க வேண்டாம். சனி மாலை 4 மணிக்குள் மல்லிகைச் சரம் 30 முழம் மண்டபத்துக்குக் கொண்டுவருவது சித்தி.

சித்தப்பா வீட்டார் வேனில் வரவில்லை. சனி மாலை 4 மணிக்கு நேரே மண்டபம்.

இன்னும் தெரியாதது: வேன் நம்பர். வெள்ளி மாலை 6 மணிக்குள் நான் போடுகிறேன்."

கடைசி வரியைப் பார்த்தீர்களா? தெரியாததைத் தெரியாது என்றே எழுதி, யார் எப்போது சொல்வார் என்றும் எழுதிவிட்டால் இடையில் பத்துப் பேர் பத்துத் தடவை கேட்க மாட்டார்கள்.

கட்டைவிரலை நம்பாதீர்கள்

நீல டிக் வந்தால் செய்தி திறக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். கட்டைவிரல் என்றால் "பார்த்தேன்" என்பதும் இருக்கலாம், "செய்கிறேன்" என்பதும் இருக்கலாம். பெயர் போட்ட குமார், ராதா அத்தை, சித்தி மூவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். "சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் வரும். அதற்குப் பதிலாக, "அத்தை, சாவி எத்தனை, யார்கிட்ட வாங்கப் போறீங்க?" என்று கேட்டேன். "அஞ்சு, பாலுகிட்ட" என்றார். போதும். குமாரோ "நைட்டு கோயம்பேட்ல எத்தனை மணிக்கு?" என்றான். அவ்வளவு பெரிய அடைப்புக்குறி போட்டும்!

திட்டம் மாறினால் பழைய செய்தியைத் திருத்தி விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிஷத்துக்குள் திருத்த முடியும், ஆனால் ஏற்கெனவே படித்தவர் மறுபடி வந்து பார்க்கப் போவதில்லை. "5.30 இல்ல, 6" என்று ஒற்றை வரி போடுவதும் ஆபத்து, எது 6 என்று கேள்வி வரும். முழுச் செய்தியையும் மறுபடி போட்டு, மேலே "புதியது, வியாழன் இரவு 9 மணி. மாறியது: வேன் நேரம் மட்டும்" என்று எழுதி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பின் செய்து வையுங்கள். ஒரு செய்தி 7 நாள் வரை, வேண்டுமானால் 30 நாள் வரைகூட மேலே நிற்கும்.

அந்த வெள்ளி இரவு 11.20க்கு 13 பேர் கிளாம்பாக்கத்தில் இருந்தோம். பதினான்காவது ஆள் குமார். 11.40க்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான், டிக்கெட் எல்லாம் அவனிடம்.